சிறுபான்மைப் பங்குதாரர் எங்கே போவார்? ஒடுக்குமுறை, தவறான நிர்வாகம் பற்றிய சூழல் கேள்விகளும் விடைகளும்

"பெரும்பான்மை சொல்வதுதான் கம்பெனியில் நடக்கும் என்று படித்தோம். அப்படியானால் சிறுபான்மைக்காரர் எதை வைத்து வழக்குப் போடுகிறார்?"

நீங்கள் படித்த விதி இங்கிலாந்தில் 1843-இல் ஃபாஸ் எதிர் ஹார்பாட்டில் வழக்கில் உருவானது. கம்பெனிக்கு நடந்த கெடுதலுக்குக் கம்பெனிதான் வழக்குப் போட வேண்டும், கம்பெனியின் குரல் என்பது பெரும்பான்மையின் குரல் என்றது அந்தத் தீர்ப்பு. அது இன்றும் அடிப்படை விதிதான். ஆனால் கெடுதல் செய்பவரே பெரும்பான்மையாக இருந்தால், அவர் தன்மேல் தானே வழக்குப் போடப் போவதில்லை. அந்த இடத்தில் கை கொடுப்பதற்குத்தான் நம் கம்பெனிகள் சட்டம், 2013-இல் 241 முதல் 246 வரையான பிரிவுகள் இருக்கின்றன. வழக்கைக் கேட்பது தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம்.

எல்லா விடையையும் ஒரே கணக்கை வைத்துச் சொல்கிறேன். இது நானே அமைத்த கேள்வி. தேர்வில் வருவதும் ஏறக்குறைய இந்த வடிவில்தான் இருக்கும்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை பிரைவேட் லிமிடெட். அப்பா தொடங்கியது, அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு வந்தது. மொத்தம் 1,00,000 ஷேர், முகமதிப்பு 10 ரூபாய். அண்ணனுக்கு 55,000, தம்பிக்கு 30,000, அக்காவுக்கு 15,000. அண்ணன் எம்.டி.; அண்ணியும் தம்பியும் மற்ற இரண்டு டைரக்டர்கள். கம்பெனியின் நிகர சொத்து 1.80 கோடி, அதாவது ஒரு ஷேரின் புத்தக மதிப்பு 180 ரூபாய். அண்ணனும் அண்ணியும் மட்டும் உட்கார்ந்து ஒரு போர்டு மீட்டிங் நடத்தி, இன்னொரு 1,00,000 ஷேரை 10 ரூபாய்க்கே ரைட்ஸ் இஷ்யூவாக, அதாவது இருக்கும் பங்குதாரர்களுக்கே அவரவர் ஷேரின் விகிதத்தில் என்று, வெளியிடுகிறார்கள். அண்ணன் தன் பங்குக்கு 55,000 எடுத்துக்கொள்கிறார். தம்பியும் அக்காவும் 'பதில் சொல்லவில்லை' என்று பதிவுசெய்து, மீதி 45,000 ஷேரும் அண்ணிக்குப் போகிறது. இரண்டு மாதம் கழித்துத் தம்பி டைரக்டர் பதவியிலிருந்து நீக்கப்படுகிறார். கம்பெனியின் கட்டடம் ஒன்று அண்ணிக்கு மாதம் 40,000 ரூபாய் வாடகைக்குப் போகிறது. அந்தத் தெருவில் அதே அளவு கட்டடத்துக்கு 1,50,000 வாடகை. இது 18 மாதமாக நடக்கிறது. நான்கு வருடமாக டிவிடெண்ட் கிடையாது. தம்பிக்கும் அக்காவுக்கும் என்ன வழி?

"அக்காவிடம் இப்போது 10 சதவீதம்கூட இல்லையே, அவரால் பெட்டிஷன் போட முடியுமா?"

முடியும். விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இங்கேதான். பிரிவு 244 சொல்வது ஒரே ஒரு தகுதியை அல்ல. வெளியிடப்பட்ட பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பது ஒரு வழி. நூறு உறுப்பினர்கள் அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் சேர்வது இன்னொரு வழி. இரண்டில் ஒன்று போதும்.

நம் கம்பெனியில் ஒதுக்கீட்டுக்குப் பிறகு மொத்தம் 2,00,000 ஷேர். தம்பியின் 30,000 என்பது 15 சதவீதம், அவர் மூலதன வழியிலேயே உள்ளே வந்துவிடுகிறார். அக்காவின் 15,000 வெறும் 7.5 சதவீதம். ஆனால் உறுப்பினர்கள் மொத்தம் நான்கு பேர்தான்; அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு ஆளுக்கும் குறைவு. ஆகவே அக்கா தனி ஆளாகவே பெட்டிஷன் போடலாம். பத்துப் பேர் வரை உள்ள எந்தக் கம்பெனியிலும் ஒரே ஒரு உறுப்பினர் போதும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் வந்தாலும், ஷேருக்குக் கட்ட வேண்டிய தவணைப் பணம் பாக்கி இருக்கக் கூடாது. கூட்டாக ஒரு ஷேரை வைத்திருப்பவர்கள் ஒரே உறுப்பினராகத்தான் எண்ணப்படுவார்கள்.

எண்ணிக்கை எட்டவில்லை என்றால் விலக்குக் கேட்கலாம். டாடா சன்ஸ் வழக்கில் மிஸ்திரி குடும்பத்தின் கம்பெனிகளிடம் சாதாரண ஷேரில் 18 சதவீதத்துக்கு மேல் இருந்தது. ஆனால் முன்னுரிமைப் பங்குகளையும் சேர்த்து மொத்த மூலதனத்தில் கணக்குப் போட்டால் அது இரண்டு சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். மும்பைத் தீர்ப்பாயம் விலக்குத் தர மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2017 செப்டம்பரில் தந்தது. கேள்வியில் முன்னுரிமைப் பங்கு பற்றி ஒரு வரி வந்தால், அது இந்தக் கணக்குக்காக வைக்கப்பட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. பெட்டிஷனுக்கு ஒப்புதல் கொடுத்த ஒருவர் பாதியில் பின்வாங்கினால் பெட்டிஷன் விழுந்துவிடுமா என்று கேட்பார்கள். விழாது. தாக்கல் செய்த நாளில் தகுதி இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் ராஜமுந்திரி எலெக்ட்ரிக் சப்ளை வழக்கில் 1956-லேயே சொல்லிவிட்டது.

"ரைட்ஸ் இஷ்யூ எல்லாருக்கும் பொதுவாகத்தானே கொடுக்கப்பட்டது? வாங்காதது அவர்கள் தவறு இல்லையா?"

காகிதத்தில் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் ஒதுக்கீடு என்ன செய்தது என்பதை முதலில் எண்ணில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

ஒதுக்கீட்டுக்கு முன் தம்பியின் 30,000 ஷேரின் மதிப்பு 54 லட்சம். கம்பெனிக்குள் புதிதாக வந்த பணம் 10 லட்சம்தான். ஆக 1.90 கோடியை 2,00,000 ஷேர் பங்குபோட, ஒரு ஷேர் 95 ரூபாய்க்கு இறங்குகிறது. தம்பியின் கையில் இப்போது இருப்பது 28.50 லட்சம். அக்காவின் 27 லட்சம் 14.25 லட்சமாகிவிட்டது. இருவரும் சேர்ந்து இழந்தது 38.25 லட்சம். அண்ணன் வீட்டுக்குக் கூடியதும் சரியாக அதே 38.25 லட்சம். கம்பெனி வளர்ந்ததால் வந்த லாபம் அல்ல இது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனது.

பணத்தைவிட முக்கியமான இழப்பு வேறு ஒன்று. முன்பு தம்பியும் அக்காவும் சேர்ந்தால் 45 சதவீதம். சிறப்புத் தீர்மானம் நிறைவேற, ஆதரவு வாக்கு எதிர்ப்பு வாக்கைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். ஆகவே இவர்கள் சம்மதம் இல்லாமல் அமைப்பு விதிகளைத் திருத்த முடியாது, வெளியாளுக்கு ஷேர் கொடுக்க முடியாது. இப்போது அவர்கள் 22.5 சதவீதம், அண்ணனும் அண்ணியும் 77.5. தடுக்கும் சக்தி ஒரே மீட்டிங்கில் போய்விட்டது. விடையில் இந்த ஒரு வரி இருந்தால், திருத்துபவருக்கு நீங்கள் விஷயத்தின் மையத்தைப் பிடித்துவிட்டீர்கள் என்று தெரியும்.

அப்புறம் நடைமுறை. பிரிவு 62-இன்படி ஆஃபர் கடிதம் இஷ்யூ தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பாவது பதிவுத் தபால், விரைவு அஞ்சல், கூரியர், மின்னஞ்சல் போன்ற, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வழியில் போக வேண்டும். பொதுவாக ஏற்கவோ மறுக்கவோ குறைந்தது 7 நாள் தர வேண்டும்; 2021 வரை இது 15 நாளாக இருந்தது. உறுப்பினர்களில் 90 சதவீதம் பேர் சம்மதித்தால் பிரைவேட் கம்பெனி இதைக் குறைத்துக்கொள்ளலாம். இங்கே அப்படிச் சம்மதம் ஏதும் இல்லை. ஒருவர் வாங்காமல் விட்ட ஷேரைப் போர்டு வேறு யாருக்கும் கொடுக்கலாம்தான், ஆனால் அது பங்குதாரர்களுக்கும் கம்பெனிக்கும் பாதகமில்லாத விதத்தில் இருக்க வேண்டும். 180 ரூபாய் மதிப்புள்ளதை எம்.டி.யின் மனைவிக்குப் பத்து ரூபாய்க்குக் கொடுத்தது அந்தச் சோதனையில் நிற்காது.

இதற்குப் பக்கபலமாக நிற்கும் தீர்ப்பு டேல் அண்ட் கேரிங்டன் எதிர் பிரதாபன், 2004. நிர்வாக இயக்குநர் தனக்கே ஷேர் ஒதுக்கிக்கொண்டு பெரும்பான்மையைப் பிடித்த வழக்கு அது. பிரைவேட் கம்பெனியாக இருந்தாலும் டைரக்டர்கள் நம்பிக்கைப் பொறுப்பில் இருப்பவர்கள், ஷேர் வெளியிடும் அதிகாரத்தைச் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது.

"கடிதம் அனுப்பினேன் என்று அண்ணன் சொல்கிறார். வரவில்லை என்று தம்பி சொல்கிறார். இதை எப்படி நிரூபிப்பது?"

வராததை நிரூபிக்க வேண்டாம். அனுப்பினேன் என்பவர் ரசீதைக் காட்டட்டும். தபால் ரசீது, மின்னஞ்சல் பதிவு, தேதி, இவற்றைத்தான் தீர்ப்பாயம் கேட்கும். அதோடு கம்பெனி அமைச்சகத்தின் இணையதளத்தில் PAS-3 படிவத்தை எடுத்துப் பாருங்கள். யாருக்கு எத்தனை ஷேர், எந்தத் தேதியில் தீர்மானம் என்பது அதன் இணைப்பில் இருக்கும். ஆஃபர் தேதிக்கும் ஒதுக்கீட்டுத் தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். ஷேர் பணம் உண்மையிலேயே வங்கிக்கு வந்ததா, அல்லது பழைய கடனில் கழித்ததாக எழுதினார்களா என்றும் பாருங்கள். கம்பெனிக்குப் பணமே தேவைப்படவில்லை என்றால் ஒதுக்கீட்டின் நோக்கம் தானாகத் தெரிந்துவிடும்.

ஒரு கவர் எவ்வளவு பேசும் என்பதற்கு நம் ஊர் வழக்கே இருக்கிறது. நீலகிரி கேத்தியில் இருந்த நீடில் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், இங்கிலாந்துக் கம்பெனிக்குப் போன ரைட்ஸ் கடிதத்தில் தேதி 1977 ஏப்ரல் 14. கவரில் இருந்த அஞ்சல் முத்திரையோ ஏப்ரல் 27. ஒதுக்கீடு மே 2. கடிதம் கையில் கிடைத்து யோசிக்கவே நேரம் இல்லை.

"அப்படியானால் நீடில் வழக்கில் வெளிநாட்டுக் கம்பெனி ஜெயித்திருக்க வேண்டுமே?"

தோற்றது. அதனால்தான் இந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்க வேண்டும். அப்போதிருந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்கை 60 சதவீதத்திலிருந்து 40-க்குக் குறைத்தாக வேண்டும். கடிதம் நேரத்துக்கு வந்திருந்தாலும் அவர்களால் அந்த ஷேரை வாங்கியிருக்க முடியாது. கம்பெனி தொடர்ந்து நடக்க வேண்டும் என்ற நோக்கமும் இந்திய டைரக்டர்களுக்கு இருந்தது. ஆகவே 1981-இல் உச்ச நீதிமன்றம், நடந்தது முறையற்றதாக இருந்தாலும் ஒடுக்குமுறை ஆகாது என்றது. சட்டத்தை மீறிய ஒவ்வொரு செயலும் ஒடுக்குமுறை ஆகிவிடாது என்ற பாடம் இங்கிருந்து வருகிறது.

ஆனால் நீதிமன்றம் அதோடு விடவில்லை. முகமதிப்பில் ஷேர் வாங்கிக்கொண்டவர்கள் உண்மை மதிப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசமாக ஏறக்குறைய எட்டரை லட்ச ரூபாயை அந்த இங்கிலாந்துக் கம்பெனிக்குக் கொடுக்கச் சொன்னது. ஒடுக்குமுறை நிரூபணம் ஆகாவிட்டாலும் நியாயம் செய்யும் கை கட்டப்படவில்லை என்பது எனக்கு இந்தத் தீர்ப்பில் மிகப் பிடித்த இடம். நம் கணக்கில் தம்பியையும் அக்காவையும் வாங்கவிடாமல் தடுத்த சட்டம் எதுவும் இல்லை. ஆகவே அண்ணன் நீடில் வழக்கைக் காட்டித் தப்பிக்க முடியாது. இந்த வேறுபாட்டை விடையில் எழுதுங்கள்.

"தம்பியை டைரக்டர் பதவியிலிருந்து தூக்கியது ஒடுக்குமுறை இல்லையா?"

அது மட்டுமே என்றால் இல்லை. பிரிவு 169-இன்படி சாதாரணத் தீர்மானம் போதும். சிறப்பு அறிவிப்பு கொடுத்து, அவர் தரப்பைச் சொல்லவும் வாய்ப்புக் கொடுத்தால் நீக்கலாம். டாடா-மிஸ்திரி வழக்கில் 2021 மார்ச் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பதவி நீக்கம் தன்னளவில் ஒடுக்குமுறை ஆகாது என்று தெளிவாகச் சொன்னது. 241 காப்பது உறுப்பினர் என்ற முறையில் உள்ள உரிமையை. வேலையையோ நாற்காலியையோ அல்ல.

ஆனால் நம் கம்பெனி ஒரு குடும்பக் கூட்டுத்தொழில் மாதிரி. பரஸ்பர நம்பிக்கை, எல்லாரும் நிர்வாகத்தில் இருப்பார்கள் என்ற புரிதல், ஷேரை வெளியே விற்க முடியாத கட்டுப்பாடு, இவற்றில் ஒன்றோ அதற்கு மேலோ இருக்கும் கம்பெனியை இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1972-இல் எப்ராஹிமி வழக்கில் தனியாகப் பார்த்தது. அங்கே ஒருவரை வெளியே தள்ளுவது நியாயத்தின் கண்ணில் கனமாக விழும். ஆகவே நீக்கத்தைத் தனிப் புகாராக வைக்காதீர்கள். பங்கைச் சுருக்கியது, வாடகை, நீக்கம் என்று ஒரே திட்டத்தின் மூன்றாவது படியாக வையுங்கள்.

"டிவிடெண்ட் தராதது?"

அதுவும் தனியாக நிற்காது. லாபத்தைத் தொழிலில் போடுவது போர்டின் முடிவு. அதே நான்கு வருடத்தில் எம்.டி.யின் சம்பளம் மட்டும் ஏறியிருந்தால் அதைச் சேர்த்து எழுதலாம். கேள்வியில் அந்தத் தகவல் இல்லையென்றால் நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

"241-இல் சொன்னது நடந்துவிட்டது என்று காட்டினால் போதாதா? 242-இல் ஏன் கம்பெனியை மூடும் பேச்சு வருகிறது?"

242(1) இரண்டு படி வைத்திருக்கிறது, நடுவில் 'மற்றும்' இருக்கிறது. ஒன்று, விவகாரங்கள் ஒடுக்கும் விதத்திலோ பாதகமாகவோ நடக்கின்றன. இரண்டு, நியாயப்படி கம்பெனியைக் கலைக்கும் அளவுக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் கலைத்தால் பாதிக்கப்பட்டவருக்கே அநியாயமாக நஷ்டம் வரும். 1956 சட்டத்தின் பழைய கைடுகளில் தவறான நிர்வாகத்துக்கு இந்த இரண்டாம் படி தேவையில்லை என்று இருக்கும். அப்போது 397, 398 என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. பழைய வரியை எழுதி மதிப்பெண்ணை விடாதீர்கள்.

நம் கணக்கில் இரண்டாம் படி எளிது. உறவும் நம்பிக்கையும் உடைந்து, ஒரு தரப்பு முழுக்க வெளியே இருக்கிறது, நேர்மைக் குறைவு தெரிகிறது. கலைக்கக் காரணம் இருக்கிறது. ஆனால் ஓடும் தொழிலை மூடினால் மெஷின்கள் பழைய இரும்பு விலைக்குப் போகும், ஆர்டர்கள் கைமாறும், தம்பிக்கும் அக்காவுக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆகவே மூடாமல் பரிகாரம் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

செயல் தொடர வேண்டும் என்று 1965-இன் கலிங்கா டியூப்ஸ் தீர்ப்பு சொல்கிறதே என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஒதுக்கீடு ஒரு நாள் செயல்தான். ஆனால் அதனால் வாக்குரிமை சுருங்கியது ஒவ்வொரு கூட்டத்திலும் தொடர்கிறது; வாடகை இழப்பு மாதாமாதம் தொடர்கிறது.

"கடைசியில் என்ன பரிகாரம் கேட்பது? புத்தகத்தில் நீளமான பட்டியல் இருக்கிறது."

பட்டியலை அப்படியே எழுதாதீர்கள். எந்தக் காயத்துக்கு எந்த மருந்து என்று பொருத்துங்கள்.

ஒதுக்கீட்டுக்கு: அதை ரத்து செய்து, உறுப்பினர் பதிவேட்டைப் பழைய நிலைக்குத் திருத்தச் சொல்லுங்கள். இதுதான் முதல் வேண்டுதல். அது நடந்தால் 45 சதவீதமும் தடுக்கும் சக்தியும் திரும்பும்.

வாடகைக்கு: இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. டைரக்டரோடு கம்பெனி போட்ட ஒப்பந்தத்தைத் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். வெளியாளோடு போட்டதை மாற்ற, 242(2)-இன்படி அந்த ஆளின் சம்மதமும் வேண்டும். அண்ணி டைரக்டர் என்பதால் நமக்குத் தடை இல்லை. வாடகை அண்ணியின் தம்பி பெயரில் இருந்திருந்தால் விடை மாறியிருக்கும். அப்போது ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, அண்ணனும் அண்ணியும் டைரக்டராக இருந்து அடைந்த முறையற்ற ஆதாயத்தை மீட்கும் வழியில் போக வேண்டும். மாதம் 1,10,000 வீதம் 18 மாதத்துக்கு 19.80 லட்சம். அது கம்பெனிக்குத் திரும்ப வேண்டிய பணம், தம்பிக்கு அல்ல. பலர் இங்கே தம்பியின் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

நாளைக்கு: இடைக்கால உத்தரவு, 242(4). புதிய ஒதுக்கீடு கூடாது, ஷேர் மாற்றம் கூடாது, கட்டடத்தை விற்கக் கூடாது. இதை முதல் நாளே கேட்காவிட்டால், தீர்ப்பு வரும்போது கம்பெனியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இனி சேர்ந்து நடத்த முடியாது என்றால், ஷேரை வாங்கிக்கொள்ளும் உத்தரவு. என் அனுபவத்தில் குடும்பக் கம்பெனி வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் முடிகின்றன. விலையில் கவனம் வேண்டும். இப்போதைய 95 ரூபாய்க்கு விற்றால் தவறு செய்தவர் ஜெயித்தது போல. ஒதுக்கீடு நடக்காதது போலவும், வாடகை இழப்பு திரும்பி வந்தது போலவும் வைத்து மதிப்பிடச் சொல்லுங்கள். வரியையும் வட்டியையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 1,99,80,000 ரூபாய், ஒரு லட்சம் ஷேர், ஒன்று 199.80. தம்பிக்கு 59.94 லட்சம். 28.50 லட்சம் எங்கே, இது எங்கே. மதிப்பிடும் தேதியைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை; எது நியாயம் என்று வாதாட வேண்டும். யார் யாரிடம் வாங்குவது என்பதும் அப்படித்தான். டேல் அண்ட் கேரிங்டன் வழக்கில், ஒடுக்கியவரே ஒடுக்கப்பட்டவரின் ஷேரை வாங்கிக்கொள்ள விட்டது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே, தம்பிக்குத் தொழிலை நடத்தும் திறனும் பணமும் இருந்தால், அவர் வாங்கும் உத்தரவையும் கேட்கலாம்.

"எவ்வளவு நாளுக்குள் போட வேண்டும்? தோற்றால்?"

காலவரையறைச் சட்டம் தீர்ப்பாயத்துக்கும் பொருந்தும் என்று பிரிவு 433 சொல்கிறது. மூன்று வருடம் என்ற வாதம் எழும். அதற்குள்ளேயே கூட, எல்லாம் தெரிந்து ஒதுக்கீட்டுக்குப் பிந்தைய கூட்டங்களில் வாக்களித்து, இருப்புநிலை அறிக்கையில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தால் சம்மதித்தீர்கள் என்று சொல்வார்கள். சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது, பிரிவு 430 தடுக்கிறது. தோற்றவர் உத்தரவு நகல் கிடைத்த 45 நாளில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். போதிய காரணம் இருந்தால் இன்னொரு 45 நாள் வரை கிடைக்கும். அதன் பிறகு சட்டக் கேள்வி இருந்தால் மட்டும் 60 நாளில் உச்ச நீதிமன்றம்.